ஒரே மெசேஜில் பத்து வேலை: எதை முதலில் கேட்பது, எதை உடனே தொடங்குவது?

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருப்பவர்களுக்கு வேலை சொல்வது இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பஸ்ஸில் போகும்போது ஞாபகம் வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் தட்டி அனுப்பிவிடுவார்கள். அதைப் படிப்பவருக்குத் தலை சுற்றும். எதில் ஆரம்பிப்பது, எதைத் திருப்பிக் கேட்பது என்று புரியாமல் "சரி, பார்த்துக்கிறேன்" என்று பதில் போட்டுவிட்டு, கைக்கு முதலில் எட்டிய வேலையைத் தொடங்குவோம். காய்கறி, மளிகை என்றால் பாதகமில்லை. அப்பா விட்டுப்போன மனை சம்பந்தப்பட்ட மெசேஜ் என்றால், எதை முதலில் தொடங்குகிறோம் என்பதிலேயே பணமும் உறவும் அடங்கியிருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவும், கல்யாணமான மகளும் ஊரில். மகன் சிங்கப்பூரில். அப்பா போன மார்கழியில் காலமாகிவிட்டார். அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆடி மாதம் ஒருநாள் காலையில் தங்கைக்கு இப்படி ஒரு மெசேஜ் வருகிறது.

"பாப்பா, அப்பா இடத்துக்கு பட்டா மாத்திடு. வில்லங்கம் ஒண்ணு போட்டுப் பாரு. வாரிசு சர்டிபிகேட்டும் வாங்கணும். இடத்தை அளந்து கம்பி வேலி போட்டுடு, பக்கத்துக்காரர் தள்ளி வர்றார்னு மாமா சொன்னார். கரண்ட் கனெக்‌ஷனும் பேர் மாத்தணும். உன் பேருக்கு பவர் எழுதி அனுப்பறேன். திவசத்துக்கு டிசம்பர்ல வரேன், கோயில்ல திருமஞ்சனத்துக்கு சொல்லி வை. இடத்தை அம்மா பேர்லயே வெச்சிடலாமா, பிரிச்சிக்கலாமான்னு பார்த்துக்கோ. மொத்தமா எவ்ளோ ஆகும்னு சொல்லு, அனுப்பறேன்."

அன்பான மெசேஜ்தான். அண்ணன் பணம் தரவும் தயார். ஆனால், இதை அப்படியே மேலிருந்து கீழாகச் செய்யத் தொடங்கினால் முதல் வேலையிலேயே மாட்டிக்கொள்வோம்.

முதலில் பிரித்து எழுதுங்கள்

மெசேஜை அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அதை ஒரு வேலைக்கு ஒரு வரி என்று உடைத்து எண் போடுங்கள். இல்லையென்றால் காலண்டர் தாளின் பின்பக்கமே போதும்.

மேலே உள்ள மெசேஜை உடைத்தால் பத்து வரி வருகிறது. பட்டா மாற்றம், வில்லங்கம், வாரிசுச் சான்றிதழ், இடத்தை அளப்பது, வேலி போடுவது, மின் இணைப்புப் பெயர் மாற்றம், பவர் பத்திரம், திவசமும் கோயில் ஏற்பாடும், இடம் யார் பெயரில் என்கிற முடிவு, செலவுக் கணக்கு. "அளந்து வேலி போட்டுடு" என்பது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் அது இரண்டு. அளப்பதற்கு விண்ணப்பம் போட வேண்டும். வேலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடவே கூடாது.

இப்படிப் பிரித்ததும் இன்னொன்று கண்ணில் படும். மெசேஜில் மிகப் பெரிய விஷயம் ஒன்பதாவதாக, போகிறபோக்கில் வந்திருக்கிறது. இடம் யார் பெயருக்குப் போகிறது என்பது தெரியாமல் பட்டாவை யார் பெயருக்கு மாற்றுவது? செலவு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? பவர் எதற்காக என்று எப்படி எழுதுவது? எழுதுகிறவர் ஞாபகம் வந்த வரிசையில் எழுதுகிறார். செய்கிறவருக்கு வேண்டியது வேறு வரிசை.

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி

எண் போட்ட பிறகு, ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அண்ணன் என்ன பதில் சொன்னாலும் இந்த வேலை ஒரே மாதிரிதான் நடக்குமா? நாம் நினைத்தது தவறாகப் போனால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

இரண்டுக்கும் "ஆமாம்" என்றால், யாரையும் கேட்காமல் இன்றே தொடங்கலாம். முதல் கேள்விக்கு "இல்லை" என்றால், தொடங்கும் முன் கேட்க வேண்டும். இரண்டாவதற்கும் "இல்லை" என்றால், கேட்டு, தெளிவான பதில் வந்து, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

கேட்காமல் தொடங்கக்கூடியவை

வில்லங்கம் பார்ப்பது முதல் வகை. இடம் அம்மா பெயருக்குப் போனாலும், பிரித்துக்கொண்டாலும் வில்லங்கம் ஒன்றுதான். பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் போனிலேயே பார்த்துவிடலாம். கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றும் வேண்டும். அப்பாவின் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதியுள்ள பகுதியில் இவை இருக்கும். எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பது பத்திரத்தின் முத்திரையில் தெரியும்.

பார்க்கும்போது, அப்பா வாங்கிய தேதிக்கு முன்பிருந்தே பாருங்கள். அவருக்கு விற்றவர் பெயரும் அதில் வர வேண்டும். அப்பா வாங்கிய பிறகு வந்த பதிவுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அடமானப் பதிவு ஒன்று இருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லாமல் இருந்தால், வங்கிக்குப் போய் விசாரிக்க வேண்டிய பதினோராவது வேலை ஒன்று முளைத்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்வது நல்லதுதானே? ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வில்லங்கத்தில் பதிவு செய்யப்பட்டவை மட்டும்தான் தெரியும். பதிவு செய்யாத உயில் அதில் வராது.

வாரிசுச் சான்றிதழும் இன்றே தொடங்க வேண்டியதுதான். இதற்குக் காரணம் வேறு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை நடந்து, வட்டாட்சியர் கையெழுத்தில் வருவது என்பதால் நாள் பிடிக்கும். அது கையில் இல்லாமல் பட்டாவும் நகராது, மின் இணைப்பும் நகராது. இப்படி நம் கையில் இல்லாத காத்திருப்பு உள்ள வேலையை முதலில் போட்டுவிட்டால், அது நகர்ந்துகொண்டிருக்கும்போதே மற்றவற்றைப் பேசி முடிக்கலாம். விண்ணப்பம் இ-சேவை மையத்திலேயே கொடுக்கலாம். இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வாரிசுகள் எல்லோருடைய ஆதார் முதலிய அடையாளச் சான்றுகள் வேண்டும். அண்ணனிடம் இதற்குக் கேட்க வேண்டியது அவருடைய ஆதார், பாஸ்போர்ட் நகல் மட்டும்தான்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு காகித வேலை. இறப்புச் சான்றிதழ், பத்திரம், ஆதார் மூன்றையும் பக்கத்தில் வைத்து, அப்பாவின் பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் ஓர் எழுத்து குறைவு என்றால், விசாரணைக்கு வருபவர் கேட்கும் முன்னாலேயே சரிசெய்துகொள்வது சுலபம். பின்னால் என்றால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க நேரும்.

பாட்டி இருக்கிறாரா?

வாரிசுச் சான்றிதழில் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது அண்ணனிடம் கேட்பதல்ல, வீட்டுக்குள்ளேயே கேட்பது. அப்பாவைப் பெற்றவர், அதாவது பாட்டி, உயிரோடு இருக்கிறாரா?

பல குடும்பங்களில் "வாரிசு என்றால் மனைவியும் பிள்ளைகளும்" என்று நினைத்துவிடுகிறார்கள். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் காலமான ஒருவரின் சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாயாருக்கும் சமமான பங்கு உண்டு. இந்தக் குடும்பத்தில் பாட்டி இருந்தால் நான்கு பங்கு. ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடிக்குச் சமமான உரிமை. பாட்டி அப்பாவுக்கு முன்பே காலமாகியிருந்தால் மூன்று பங்கு, ஆளுக்கு 800.

பாட்டியின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? விசாரணையில் தெரியவந்தால் விண்ணப்பம் நிற்கும். தெரியாமலே சான்றிதழ் வந்துவிட்டால் இன்னும் சிக்கல். பாட்டி உயில் எதுவும் எழுதாமல் காலமானால், அவருடைய பங்குக்கு அவருடைய மற்ற பிள்ளைகளும், அதாவது சித்தப்பாவும் அத்தையும், உரிமை கேட்கலாம். வருஷங்கள் கழித்து இடத்தை விற்கப் போகும்போது அந்தக் கேள்வி வரும். இன்று அம்மாவிடம் ஒரு நிமிடம் கேட்டால் தீரக்கூடிய விஷயம் அது.

கூடவே அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். அப்பா உயில் எழுதியிருக்கிறாரா? பீரோவில், பழைய டைரியில், வக்கீல் யாரிடமாவது? உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தாலும் உயில்தான். அப்படி ஒன்று இருந்தால் மேலே சொன்ன பங்குக் கணக்கே மாறிவிடும். ஆகையால், அண்ணனுக்குப் பதில் எழுதும் முன்பே கேட்டு முடிக்க வேண்டிய இரண்டு கேள்விகள் இவை.

நிறுத்தி வைக்க வேண்டியவை

பட்டா மாற்றம் மெசேஜில் முதல் வரியில் இருந்தாலும், நிறுத்தி வைக்கும் பட்டியலில்தான் வருகிறது. வாரிசுச் சான்றிதழை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற விண்ணப்பிக்கலாம். அதனால் யாருடைய உரிமையும் போய்விடாது. அடுத்த இரண்டு மாதத்தில் பத்திரம் எழுதி ஒருவர் பெயருக்குக் கொண்டுபோவதாக இருந்தால், இன்னொரு முறை விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இடத்தைப் பிரித்துக்கொள்வதாக இருந்தால் அது "உட்பிரிவு உள்ள" இனம். சர்வேயர் வந்து அளந்து, புது உட்பிரிவு எண் கொடுத்த பிறகே பட்டா. ஆகவே, ஒன்பதாவது வரிக்கு விடை தெரிந்த பிறகு இதைத் தொடுவது மேல். முடிவுக்கு நாளாகும் என்று தெரிந்தால் கூட்டுப் பட்டாவுக்குப் போகலாம்.

வேலிதான் ரொம்பவும் கவனமாக நிறுத்தி வைக்க வேண்டியது. "பக்கத்துக்காரர் தள்ளி வர்றார்னு மாமா சொன்னார்" என்பது கேள்விப்பட்ட செய்தி. எந்தப் பக்கம், எத்தனை அடி, எப்போது பார்த்தார் என்று மாமாவுக்கு ஒரு போன் போட்டால் பாதி தெளிவாகிவிடும். அந்த மனை வரை போய், நான்கு மூலைகளையும், கல் இருந்தால் கல்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். eservices.tn.gov.in தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் பார்த்து, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லை அளவுகளோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடலாம். இவை எல்லாம் இன்றே செய்யக்கூடியவை.

ஆனால், சர்வேயர் அளந்து எல்லை காட்டும் முன் குழி தோண்டிவிட்டால், வேலி ஓர் அடி தள்ளிப் போனாலும் அது பக்கத்து வீட்டோடு சண்டை. பிடுங்கி நடுவதற்கு இரண்டு மடங்கு கூலி. போலீஸ் ஸ்டேஷன் வரை போன எல்லைத் தகராறுகள் எந்த ஊரிலும் உண்டு. ஆகவே வேலிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ரேட் விசாரித்து வைத்துக்கொண்டால் போதும்.

மின் இணைப்புக்கு அவசரமே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டிக்கொண்டிருந்தால் இணைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகு அதே காகிதங்களோடு இதையும் முடித்துவிடலாம்.

ஒரு வரியை இன்னொரு வரியோடு சேர்த்துப் படியுங்கள்

பத்து வரியையும் தனித்தனியாகப் பார்த்த பிறகு, ஒன்றோடு ஒன்று மோதுகிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த மெசேஜில் இரண்டு இடங்களில் மோதுகிறது.

"பவர் எழுதி அனுப்பறேன்" என்று ஒரு வரி. "டிசம்பர்ல வரேன்" என்று இன்னொரு வரி. அண்ணன் நேரில் வருவதாக இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அவரே கையெழுத்துப் போடலாமே, பவர் எதற்கு? பவர் எழுதுவது ஊரில் இருப்பவருடைய வேலையும் அல்ல. அவர் சிங்கப்பூரில் நேரம் ஒதுக்கி, இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். எதற்கான பவர் என்று குறிப்பாக எழுதாமல், விற்கவும் அடமானம் வைக்கவும் எல்லாம் செய்யவும் அதிகாரம் என்று மொத்தமாக எழுதுவது இரண்டு பேருக்குமே பின்னால் சங்கடம். அவர் வரும் தேதி உறுதியானால் இந்த வரியையே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இரண்டாவது மோதல், திவசமும் டிசம்பரும். முதல் வருஷத் திவசம் தமிழ் மாதத்தையும் திதியையும் வைத்து வருவது. அப்பா காலமானது மார்கழியில். மார்கழி டிசம்பர் மத்தியில் தொடங்கி ஜனவரி மத்தி வரை ஓடும். திதி ஜனவரி முதல் வாரத்தில் விழுந்தால், கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்துவிட்டு 31-ம் தேதி திரும்பும் டிக்கெட் எதற்கு உதவும்? வாத்தியாரிடம் இன்றே திதியைக் கேட்டு, தேதியை அண்ணனுக்குச் சொல்லிவிட வேண்டும். பண்டிகைக் கால விமான டிக்கெட்டை மாற்றுவது சின்னச் செலவல்ல.

வருஷம் முடிவதற்குள் கோயிலில் விசேஷமாக எதுவும் செய்வதில்லை என்பது பல வீடுகளின் வழக்கம். பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதியில் திருமஞ்சனம் என்றால், அது திவசத்துக்கு முன்னாலா, முடிந்த பிறகா என்பதை அம்மாவிடமும் வாத்தியாரிடமும் கேட்டுக்கொண்டுதான் கோயிலில் சொல்லிவைக்க வேண்டும். திவசத்துக்குப் பிறகு என்றால் அண்ணன் கூட ஒன்றிரண்டு நாள் தங்க வேண்டியிருக்கும். அதுவும் டிக்கெட்டில் சேர வேண்டிய கணக்கு.

யார் பெயரில்?

இனி அந்த ஒன்பதாவது வரி. "பார்த்துக்கோ" என்று தங்கையிடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால், இதைத் தங்கை மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது. அவரும் ஒரு பங்குதாரர். அம்மா பெயரிலேயே வைப்பது என்றால், அண்ணனும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பாட்டி இருந்தால் அவரும்தான். பதிவான விடுதலைப் பத்திரத்தை, பிறகு மனசு மாறினால் ஒருவர் மட்டும் போய் ரத்து செய்துகொள்ள முடியாது. அதன் பிறகு அது அம்மாவின் தனிச் சொத்து. அவர் விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். அது நல்ல ஏற்பாடாகவே இருக்கலாம். அம்மாவுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பதும் நியாயம். ஆனால், எல்லோரும் தெரிந்து சொன்ன சம்மதமாக அது இருக்க வேண்டும்; "சரி" என்கிற ஒரு வார்த்தையில் முடிந்துவிடக் கூடாது.

ஆகவே, இதை எழுத்தில் கேட்டு வாங்குவதைவிட, ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது வீடியோ காலில் பேசுவது நல்லது. பாகப்பிரிவினையா, விடுதலைப் பத்திரமா, இப்போதைக்குக் கூட்டாகவே இருக்கட்டுமா என்று மூன்று வழிகளையும் சொல்லிக் கேளுங்கள். பத்திரத்தின் வகையைப் பொறுத்துத்தான் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வரும் என்பதால், "மொத்தமா எவ்ளோ ஆகும்" என்பதற்கு அதற்குப் பிறகுதான் பதில் சொல்ல முடியும். உத்தேசமாக ஒரு தொகையை இப்போதே சொல்லிவிட்டால், பின்னால் அந்தத் தொகையே பேச்சுக்குக் காரணமாகிவிடும்.

பதில் எப்படிப் போடலாம்?

பத்து வேலைக்கும் பத்து கேள்வி அனுப்பினால், வெளிநாட்டில் வேலை நடுவே படிப்பவர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் போடுவார். இல்லையென்றால் ஒரு கட்டைவிரல் வரும். அது எதற்கான சம்மதம் என்று யாருக்கும் தெரியாது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசும்போது, "கேட் மூடியாச்சு" என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்கென்று ஒரு ரகசிய எண்ணையும் சொல்ல வேண்டும். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ரயிலுக்கு வழி. வெறும் "சரி"யை நம்பி ரயில் விடுவதில்லை. நம் வீட்டு மெசேஜுக்கு ரகசிய எண் வேண்டாம். கேள்விக்கு எண் போட்டாலே போதும்.

அம்மாவிடம் கேட்டு, பாட்டி உயிரோடு இல்லை, உயிலும் இல்லை என்று தெரிந்த பிறகு, வாத்தியாரும் திதி சொன்ன பிறகு, தங்கையின் பதில் இப்படி இருக்கலாம்.

"அண்ணா, நீ சொன்னதுல பத்து வேலை இருக்கு.
இன்னிக்கு ஆரம்பிக்கறது: வில்லங்கம் பார்க்கறது, வாரிசு சர்டிபிகேட், இடத்தைப் போட்டோ எடுக்கறது.
நிறுத்தி வெச்சிருக்கறது: பட்டா, அளக்கறது, வேலி, கரண்ட்.
உன்கிட்ட மூணே கேள்வி. நம்பர் போட்டு பதில் சொல்லு.
1. திவசம் ஜனவரி முதல் வாரத்துல வருது, தேதி தனியா அனுப்பறேன். அதுக்கு ஏத்த மாதிரி லீவு கிடைக்குமா? டிக்கெட் இன்னும் போடாதே.
2. நீ வந்தா நேர்லயே கையெழுத்து போட்டுடலாம். அப்போ பவர் வேணாம்தானே?
3. யார் பேர்லங்கறதை மெசேஜ்ல வேணாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு அம்மாவோட பேசலாமா?
உன் ஆதார், பாஸ்போர்ட் காப்பி மட்டும் இன்னிக்கே அனுப்பிடு. செலவுக் கணக்கு ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்."

இதில் மூன்று கேள்விக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். எது நடக்கிறது, எது நிற்கிறது என்பது அண்ணனுக்குத் தெரிந்துவிடுவதால், "பட்டா என்னாச்சு" என்று வாரா வாரம் கேட்க மாட்டார். வாரிசு விண்ணப்பத்துக்கு வேண்டிய காகிதம் கேள்விகளோடு கலக்காமல் தனியாக நிற்கிறது.

பதிலே வரவில்லை என்றால்? திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகளுக்கு, "புதன்கிழமைக்குள்ள சொல்லலைன்னா இப்படிச் செஞ்சிடறேன்" என்று எழுதலாம். வில்லங்கத்தைச் சான்றிட்ட நகலாக வாங்குவது போன்றவை அந்த வகை. கையெழுத்து, பத்திரம், வேலி மூன்றுக்கும் அந்த வாக்கியத்தை எழுதவே கூடாது. அங்கே மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால், பின்னால் "நான் எப்போ சொன்னேன்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

தவறான பாதையில் போகிறோம் என்று எப்படித் தெரியும்?

இரண்டு அறிகுறிகள் உண்டு. ஒரே ஆளிடம் ஒரே விஷயத்தை மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள் என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் இல்லை. வேறு யாரிடமோ இருக்கிறது. பெரும்பாலும் அம்மாவிடம். அடுத்தது, ஓர் அலுவலகத்தில் கொடுத்த காகிதத்தில் உள்ள வாரிசு எண்ணிக்கையும், இன்னொன்றில் உள்ளதும் வேறாக இருப்பது. உடனே நிறுத்தி, முதல் காகிதத்திலிருந்து சரிபாருங்கள்.

வேலை சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து விஷயத்தையும் ஒரே மெசேஜாக எழுதாமல், ஒரு வேலைக்கு ஒரு மெசேஜ் என்று பத்தாக அனுப்புங்கள். படிப்பவர் எந்த மெசேஜை வேண்டுமானாலும் விரலால் தள்ளி, அதற்கு நேராகவே பதில் போட முடியும். எது எதற்கான "சரி" என்று ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். நீங்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை, "பார்த்துக்கோ" என்று ஊரில் இருப்பவர் தலையில் வைத்திருக்கிறோமா என்று அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இந்தக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முடிந்ததும் வரிசை தானாக அமைந்துவிடும். வாரிசுச் சான்றிதழ் வந்ததும் பட்டாவுக்கும், பெயர் மாறியதும் நில அளவைக்கும் விண்ணப்பம். எல்லைக்கல் நட்ட பிறகு வேலிக்கு ஆள். மின் இணைப்பு இடையில் எப்போது வேண்டுமானாலும். பத்திரம் எழுதுவதாக முடிவானால், அண்ணன் ஊரில் இருக்கும் அந்த நாட்களில் ஒரு வேலைநாளைப் பார்த்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பதிவு செய்துவைக்க வேண்டும். திவசத்துக்கு மறுநாள் அலுவலக விடுமுறையா என்பதைக் காலண்டரில் இப்போதே பார்த்துவிடுங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறை வெகுதூரத்தில் இல்லை.